‘கேட் மூன்றுக்கு வாருங்கள்’: யாருடைய மூன்று?

வாரத்தில் மூன்று நாள் என் தாயாருக்குச் சிறுநீரகச் சுத்திகரிப்பு நடைபெறுகிறது. காலை ஏழு மணிக்கு மருத்துவமனைப் படுக்கையில் இருக்க வேண்டும். ஒரு சுற்று நான்கு மணிநேரம். அது முடிந்தவுடன் அதே இயந்திரத்தில் அடுத்த நோயாளி. ஆகவே நாம் அரைமணி நேரம் தாமதித்தால், அந்த அரைமணி நேரம் நம்முடைய சுத்திகரிப்பிலிருந்தே கழிக்கப்படும். சென்ற ஆண்டு ஒரு நாள் அவ்வாறே கழிந்தது. காரணம் போக்குவரத்து நெரிசல் அன்று. நான் ஓட்டுநருக்கு அனுப்பிய ஒற்றை வரிச் செய்தி. மொழியியலில் முனைவர் பட்ட ஆய்வு மேற்கொண்டிருக்கும் ஒருத்தி, தான் நிற்கும் இடத்தை ஒருவருக்கு விளங்கும்படி எழுதத் தெரியாமல் தோற்றாள் என்பதே அதன் பொருள். அத்தோல்வியைக் கொஞ்சம் விரிவாக ஆராய்வது பிறருக்கும் பயன்படும் என்று கருதி இதனை எழுதுகிறேன்.

நாங்கள் வசிப்பது பெங்களூரின் தென்கிழக்கே, சர்ஜாபுரம் சாலையை ஒட்டிய ஓர் அடுக்குமாடி வளாகத்தில். வளாகத்திற்கு நான்கு வாயில்கள். முதலாவது, பிரதான சாலையைப் பார்த்த பெரிய வாயில். ஊற்றுநீரும் பெயர்ப்பலகையும் உள்ள அலங்கார வாயில் அது. இரண்டாவது, மேற்குப் பக்கச் சந்தில் உள்ளது. பள்ளிப் பேருந்துகளும் குப்பை வண்டிகளும் அதன் வழியே வந்து செல்லும். மூன்றாவது, பின்பக்கச் சாலையில் உள்ள பச்சை இரும்புக் கதவு. நான்காவது, கிழக்குச் சந்தில் எப்போதும் பூட்டியே கிடக்கும் சிறு கதவு. எங்கள் ஒன்பதாம் பிளாக்கிலிருந்து மூன்றாம் கேட் அறுபது மீட்டர். பெரிய வாயிலோ ஏறக்குறைய அறுநூறு மீட்டர். வளாகத்தின் தரைத்தளம் முழுவதும் நடைபாதை என்பதால் வாடகை வண்டிகளுக்கு உள்ளே அனுமதி இல்லை. சக்கர நாற்காலியில் வரும் தாயாருக்கு அந்த வேறுபாடு எவ்வளவு என்பதை விளக்க வேண்டியதில்லை.

அன்று நான் அனுப்பிய செய்தி இது: “கேட் 3-க்கு வாங்க. பிளாக் 9 எதிரே நிக்கிறோம்.” கன்னடமும் ஆங்கிலமும் கலந்து ரோமன் எழுத்தில் எழுதியதை இங்கே தமிழாக்கித் தந்திருக்கிறேன். ஐந்து நிமிடத்தில் அழைப்பு வந்தது. ஓட்டுநர் கோலார் பக்கத்தவர். தமிழ் நன்றாகப் பேசினார்.

“மேடம், கேட் கிட்டதான் நிக்கிறேன். எங்க இருக்கீங்க?”

“எந்த கேட் அண்ணா?”

“எந்த கேட்டுன்னா? கேட்டுன்னா கேட்டுதான் மேடம். இங்க நம்பர் ஒண்ணும் போடலையே.”

அவர் நின்றது பெரிய வாயிலில். காவலர் அவரை உள்ளே விடவில்லை; முன்பதிவுக் குறியீடு கேட்டார். நான் “பின்னாடி வாங்க” என்றேன். அவர் தம் வண்டிக்குப் பின்னால் என்று கொண்டு, வந்த சாலையைத் திரும்பிப் பார்த்தார். பின்பக்கச் சாலைக்குச் செல்லும் மேற்குச் சந்தோ பெரிய வாயிலுக்கு நூறு மீட்டர் முன்பே கடந்துபோயிருந்தது. அது நடுத்தடுப்புள்ள சாலை. பின்னோக்கி வர முடியாது. அடுத்த யூ டர்ன் 1.3 கிலோமீட்டர் தொலைவில். அங்கே திரும்பி, எதிர்ப்பக்கத்தில் அதே 1.3 கிலோமீட்டர் வந்து, எங்கள் வளாகத்தைத் தாண்டி இன்னும் 600 மீட்டர் சென்று, மறுபடியும் திரும்பி, 600 மீட்டர் வந்து சந்துக்குள் நுழைய வேண்டும். கூட்டிப் பார்த்தால் 3.8 கிலோமீட்டர். காலை நெரிசலில் இருபத்தைந்து நிமிடம்.

இந்த 3.8 கிலோமீட்டருக்கு யார் பணம் கொடுத்தார் என்ற கேள்வியை முதலில் எழுப்ப விரும்புகிறேன். நான் கொடுக்கவில்லை. செயலி கட்டணத்தைக் கணக்கிடுவது நான் ஏறும் இடத்திலிருந்து. ஒன்றிய அரசு 2025-இல் வெளியிட்ட வாடகை வண்டித் திரட்டு நிறுவனங்களுக்கான வழிகாட்டு நெறிமுறைகளும், குறுந்தொலைவுக்கான ஒரு விலக்கு நீங்கலாக, பயணியை ஏற்றவரும் வெற்று ஓட்டத்திற்குப் பயணியிடம் கட்டணம் பெறலாகாது என்றே கூறுகின்றன. பயணியின் பார்வையில் நியாயமான விதிதான். ஆனால் வெற்று ஓட்டம் நீள்வது பயணியின் தெளிவற்ற சொல்லால் என்றால், அச்சொல்லின் விலையை எரிபொருளாகவும் நேரமாகவும் செலுத்துபவர் ஓட்டுநர். செய்தியை எழுதுபவருக்குத் தெளிவின்மை இலவசம். படிப்பவருக்கு அது செலவு. இச்சமனின்மைதான் நம்மைச் சோம்பலாக எழுத வைக்கிறது என்பது என் கருத்து.

இனி, ‘கேட் 3’ என்பது ஏன் பயன்படவில்லை என்று பார்ப்போம். உரையாடல் ஆய்வின் முன்னோடியான இமானுவேல் ஷெக்லாஃப் 1972-இல் எழுதிய கட்டுரையொன்றில், ஓர் இடத்தை எத்தனையோ சரியான வழிகளில் குறிப்பிடலாம் எனினும், பேசுபவர் அவற்றுள் ஒன்றைத் தேர்வது கேட்பவர் யார், அவர் எங்கிருக்கிறார், எதன்பொருட்டுக் கேட்கிறார் என்பவற்றைப் பொறுத்தது என்று காட்டினார். ‘கேட் 3’ என்பது உண்மைக்கு மாறான குறிப்பன்று. அது வளாகத்தின் உறுப்பினர்களுக்குரிய குறிப்பு. குடியிருப்போர் சங்கத்தின் சுற்றறிக்கையிலும், காவலர்களின் வருகைப் பதிவேட்டிலும், பால்காரரின் நினைவிலும் அந்த எண் வாழ்கிறது. சாலையில் அது வாழவில்லை. நான் பிறகு சென்று பார்த்தபோது, ‘கேட் 3’ என்ற பலகை இருக்கத்தான் செய்தது. கதவின் உட்புறத்தில், வெளியேறுபவர்கள் காணும்படி மாட்டப்பட்டிருந்தது.

உறுப்பினர்களிடையே இத்தகைய சுருக்கப் பெயர்கள் எப்படித் தோன்றுகின்றன என்பதற்கு ஹெர்பர்ட் கிளார்க்கும் டியானா வில்க்ஸ்-கிப்ஸும் 1986-இல் வெளியிட்ட ஆய்வு நல்ல விளக்கம் தருகிறது. ஒருவரையொருவர் காணாத இருவரிடம் பன்னிரண்டு விசித்திர வடிவங்களைக் கொடுத்து, ஒருவர் சொல்லும் வரிசையில் மற்றவரை அடுக்கச் சொன்னார்கள். முதல் சுற்றில் ஒவ்வொரு வடிவத்தையும் நீளமாக விவரிக்க வேண்டியிருந்தது. கேட்பவர் இடைமறித்தார், திருத்தினார், உறுதிப்படுத்தினார். அதே வடிவங்களை ஆறு முறை அடுக்குவதற்குள் நீண்ட விவரணை ஓரிரு சொற்களாகச் சுருங்கியது. சுருக்கம் என்பது இருவரும் சேர்ந்து உழைத்ததன் விளைவு. அவ்வுழைப்பில் பங்கேற்காத மூன்றாமவருக்கு அச்சொல் பயனற்றது. நாங்கள் ‘கேட் 3’ என்பதை அவ்வாறு பல ஆண்டுகள் சேர்ந்து சுருக்கியிருக்கிறோம். ஓட்டுநரோ ஒவ்வொரு நாளும் புதியவர். அவர் எப்போதும் முதல் சுற்றிலேயே இருக்கிறார்; நாமோ அவரிடம் ஆறாம் சுற்றின் மொழியில் பேசுகிறோம்.

அடுத்தது ‘எதிரே’. தமிழில் இச்சொல் இருவகைப்படும். ‘கோயிலுக்கு எதிரே நிற்கிறான்’ என்றால் கோயில் வாசலில் நிற்கிறான் என்றும் கொள்ளலாம். தெருவைக் கடந்து மறுபக்கத்தில் நிற்கிறான் என்றும் கொள்ளலாம். கன்னடத்தின் ‘எதுரு’வும் அவ்வாறே. பத்தடித் தெருவில் இரண்டுக்கும் வேறுபாடு பத்தடிதான். குரல் கொடுத்தால் தீர்ந்துவிடும். நடுத்தடுப்புள்ள சாலையில் அவ்வேறுபாடு இரண்டு யூ டர்ன்கள். அதுமட்டுமன்று, பிளாக் 9 என்பது பன்னிரண்டடி மதிலுக்கு உள்ளே இருப்பது. மதிலுக்கு வெளியே வருபவருக்கு அதன் எண் தெரியாது. அவர் காணமுடியாத ஒன்றை அடையாளமாகக் கொடுத்து, அதற்கு ‘எதிரே’ வரச் சொன்னேன். ‘பின்னாடி’ என்ற சொல்லின் கதையை முன்பே கூறிவிட்டேன்: எனக்கு வளாகத்தின் பின்புறம், அவருக்கு வண்டியின் பின்புறம்.

என் தாயார் இச்சிக்கலை வேறுவிதமாகத் தீர்த்திருப்பார். தென்காசிப் பக்கத்துக் கிராமத்தில் வளர்ந்த அவருக்கு அது ‘வடக்கு வாசல்’. சோற்றுத் தட்டில்கூட ‘அந்த மேக்கால இருக்கிற ஊறுகாயை எடு’ என்பவர் அவர். தமிழரிடையே இடத்தைக் குறிக்கும் முறை ஒன்றல்ல, இரண்டு என்பதை எரிக் பெடர்சன் என்னும் மொழியியலாளர் 1990-களில் தமிழ்நாட்டில் செய்த கள ஆய்வுகள் வழியாக எடுத்துக்காட்டினார்: கிராமத்தவர் பலர் மேசைமேல் உள்ள சிறு பொருள்களுக்கும் திசைப்பெயர்களையே ஆள, நகரத்தவர் இடம், வலம் என்பவற்றை ஆண்டனர். திசைப்பெயருக்கு ஒரு பெருமை உண்டு. யார் எங்கே திரும்பி நின்றாலும் வடக்கு வடக்குதான். ‘பின்னாடி’யில் நேர்ந்த குழப்பம் அதில் நேராது.

அப்படியானால் ஓட்டுநருக்கு ‘வடக்கு கேட்’ என்று எழுதியிருக்கலாமே என்று தோன்றும். ஒருமுறை எழுதியும் பார்த்தேன், பயன்படவில்லை. காரணம் ஓட்டுநரின் அறியாமை அன்று. வழிகாட்டும் செயலியில் வரைபடம், வண்டி போகும் திசை எப்போதும் மேலே இருக்கும்படி தானே சுழன்றுகொண்டிருக்கிறது. நான்கு திருப்பங்களுக்குப் பின் வடக்கு எங்கே என்று அந்தத் திரையிலிருந்து ஊகிப்பது கடினம். ஆனால் வண்டிக்குத் திட்டவட்டமான ஒரு முன்புறம் உண்டு. நடந்துவருபவருக்கு ‘உங்கள் இடப்பக்கம்’ என்றால், அவர் எப்பக்கம் திரும்பி நிற்கிறார் என்ற ஐயம் எழும். ஓடும் வண்டியில் அந்த ஐயம் எழாது. அது எந்த ஊரிலிருந்து எந்த ஊரை நோக்கிப் போகிறது என்பதை மட்டும் சொல்லிவிட்டால், இடமும் வலமும் அசையாமல் நின்றுவிடுகின்றன.

இங்கேதான் நான் வலியுறுத்த விரும்பும் கருத்து இருக்கிறது. ஏறுமிடச் செய்தியில் மிகமுக்கியமான தகவல் கேட்டின் எண் அன்று, சாலையின் போக்கு. நம் நாட்டில் வண்டிகள் சாலையின் இடப்பக்கம் செல்கின்றன. ஆகவே ‘இப்லூரிலிருந்து சர்ஜாபுரம் நோக்கி’ என்ற மூன்று சொற்களுக்குள் மூன்று செய்திகள் அடங்கிவிடுகின்றன: நடுத்தடுப்பின் எந்தப் பக்கத்தில் வண்டி இருக்க வேண்டும், வளாகம் அவருக்கு எந்தக் கைப்பக்கம் வரும், எதிர்த்திசையிலிருந்து வருபவராயின் அவர் முதலில் வளாகத்தைத் தாண்டிச் சென்று திரும்ப வேண்டும் என்பது. இதைச் சொல்லாமல் கேட்டின் எண்ணை எத்தனை முறை சொன்னாலும், பாதிப்பேர் தவறான பக்கத்தில் வந்து நின்று, தடுப்புக்கு அப்பாலிருந்து நம்மைப் பார்த்துக் கையசைப்பார்கள்.

அடுத்து, வரைபடக் குறி இருக்கும்போது சொற்கள் எதற்கு என்று கேட்கும் நண்பர்களுக்கு. எங்கள் வளாகத்தில் குறி எப்படிப் பிழைக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். பதினோராவது மாடியில் உட்கார்ந்தபடி வண்டியைப் பதிவு செய்தால், செயலி என் இருப்பிடத்தைப் பிளாக்கின் நடுவே எங்கோ குறிக்கும். திறந்த வானத்தின்கீழ்க் கைபேசி ஏறத்தாழ ஐந்து மீட்டர் துல்லியம் காட்டக்கூடியது. உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே செயற்கைக்கோள் அலைகள் சுவர்களில் பட்டுத் திரும்பி வருவதால் அது மேலும் விலகும். ஆனால் உண்மையான சிக்கல் துல்லியம் அன்று. பிளாக்கின் நடுப்புள்ளிக்கு வண்டி போக முடியாது என்பதால், வழிகாட்டி அப்புள்ளிக்கு மிக அருகிலுள்ள சாலையில் பயணத்தை முடித்துவைக்கிறது. அருகிலுள்ள என்பது நேர்கோட்டு அளவில்; இடையே மதில் இருப்பதை அது பொருட்படுத்துவதில்லை. எங்களுக்கு அந்த அருகாமைச் சாலை கிழக்குச் சந்து. அங்கே இருப்பது பூட்டிய நான்காவது கதவு. குறியை நம்பி வந்த ஓட்டுநர்கள் பலர் அக்கதவின் முன் நின்று “லொகேஷன்ல வந்துட்டேன் மேடம்” என்றிருக்கிறார்கள். அவர்கள் கூறியதில் பிழையே இல்லை.

அஞ்சல் துறை 2025-இல் அறிமுகப்படுத்திய ‘டிஜிபின்’ முறை நாட்டை ஏறத்தாழ நான்கு மீட்டர் சதுரக் கட்டங்களாகப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் பத்து எழுத்துக் குறியீடு தருகிறது. கதவிலக்கம் இல்லாத ஊர்களுக்கு அது பெரும் உதவி. ஆயினும் ஒரு கட்டம் எங்கே இருக்கிறது என்பது வேறு. அங்கே எவ்வழியே சேரலாம் என்பது வேறு. மதிலுக்கு இப்பக்கம் ஒரு கட்டம், அப்பக்கம் ஒரு கட்டம். இரண்டுக்கும் நடுவே நான்கு மீட்டர்தான். வண்டிக்கு அது 3.8 கிலோமீட்டராக இருக்கலாம். ஆகவே குறி வேண்டும். ஆனால் அது இருக்க வேண்டிய இடம் நாம் வாழும் இடம் அன்று, வண்டி நிற்கும் இடம். நான் ஒருநாள் பச்சைக் கதவின் வெளியே, சாலை ஓரத்தில் நின்று அந்தப் புள்ளியைச் செயலியில் தனி முகவரியாகச் சேமித்தேன். அதற்கு ‘வீடு’ என்று பெயரிடாமல் ‘பச்சை கேட்’ என்று பெயரிட்டேன். இப்போது அறையிலிருந்தே பதிவு செய்தாலும் குறி கதவில் விழுகிறது.

இவ்வளவும் செய்தபின் எழுதிய செய்தி இது. பல வாரங்கள் ஒவ்வோர் ஓட்டுநர் தடுமாறிய இடத்தையும் குறித்துவைத்துத் திருத்தித் திருத்தி இவ்வடிவத்திற்கு வந்தேன்:

“பச்சை கேட், பின் ரோடு. மெயின் கேட் வேண்டாம்.
இப்லூரிலிருந்து சர்ஜாபுரம் போகும் பக்கம்: பெட்ரோல் பங்க் தாண்டியதும் முதல் இடது சந்து.
சந்தில் 300 மீட்டர், முடிவில் வலது. வலப்பக்கம் பச்சை இரும்பு கேட். வீல்சேரோடு நிற்கிறோம்.
மெயின் கேட் தெரிந்தால் சந்தைத் தாண்டிவிட்டீர்கள். அங்கேயே நின்று கூப்பிடுங்கள்.”

வரிவரியாகக் காரணம் கூறுகிறேன். முதல் வரியில் எண் இல்லை, நிறம் இருக்கிறது. நிறத்தைச் சாலையிலிருந்தே காணலாம். எந்த மொழியிலும் வாசிக்க வேண்டியதில்லை. கைபேசியின் மேலே தோன்றி மறையும் அறிவிப்பில் முதல் சில சொற்களே தெரியும் என்பதால், தவறு நேரக்கூடிய இடமான மெயின் கேட்டை அங்கேயே விலக்கிவிட்டேன். பெரிய வாயில்தான் யாருடைய கண்ணையும் இழுக்கும். நாம் சொல்லாவிட்டால் எவரும் அங்கேதான் நிற்பார்கள், அதுவே அறிவுடைய ஊகமும்கூட.

இரண்டாம் வரியில் சாலையின் போக்கும், திருப்பத்திற்கு முன்னால் வரும் அடையாளமும் உள்ளன. அடையாளம் முன்னால் வர வேண்டும் என்பதை நான் தாமதமாகவே கற்றேன். முதலில் ‘மருந்துக்கடைக்கு முந்தின சந்து’ என்று எழுதிவந்தேன். மருந்துக்கடையைக் காணும்போது சந்து போய்விட்டிருக்கும்! நடப்பவர் இரண்டடி பின்வைக்கலாம். வண்டி வைக்க முடியாது. பங்க் கண்ணில் பட்டவுடன் வேகத்தைக் குறைத்து இடப்பக்கம் ஒதுங்க ஓட்டுநருக்குச் சில விநாடிகள் கிடைக்கின்றன. அந்தச் சில விநாடிகளைத் தருவதே அடையாளத்தின் வேலை.

மூன்றாம் வரியில் தூரம் கொடுத்ததற்கும் காரணம் உண்டு. சந்தில் நூறு மீட்டரிலேயே இரண்டாம் கேட் வருகிறது. தூரம் சொல்லாத நாள்களில் முதலில் தென்பட்ட கதவே கதவென்று அங்கே நின்றுவிடுவார்கள். பின் சாலையில் நடுத்தடுப்பு இல்லை, அகலமும் குறைவு. எனவே கதவு அவருடைய வலப்பக்கம் வருவதால் இடர் ஒன்றும் இல்லை. வீல்சேர் என்ற சொல் எங்களை அடையாளம் காண்பதற்காக மட்டும் அன்று. பின்பெட்டியில் இடம் வேண்டும் என்பதையும் அவர் முன்கூட்டியே அறிய வேண்டும். எரிவாயு உருளை பொருத்திய வண்டிகளில் அந்த இடம் இருக்காது. வந்து நின்றபின் இதைச் சொல்வது இருவருக்கும் நட்டம்.

நான்காம் வரிதான் எல்லாவற்றிலும் பயனுள்ளது என்று இப்போது நினைக்கிறேன். வழி சொல்பவர்கள் சரியாகச் சென்றால் என்ன தெரியும் என்பதையே சொல்வோம். தவறினால் என்ன தெரியும் என்பதைச் சொல்வதில்லை. தவறியவர் தாம் தவறியதை அறியாமலே ஒரு கிலோமீட்டர் போய்விடுகிறார். இங்கே பெரிய வாயில் சந்துக்கு நூறு மீட்டர் அப்பால் இருப்பதால், அதுவே தவறியதைக் காட்டும் கல்லாக ஆகிறது. அங்கே நின்று அவர் அழைத்தால், 3.8 கிலோமீட்டர் சுற்றவைக்காமல் நாமே அங்கே போய்விடலாம். அறுநூறு மீட்டர் நாற்காலியைத் தள்ளுவது எனக்குப் பத்து நிமிடம். சுற்றிவருவது இருவருக்கும் இருபத்தைந்து நிமிடம். இதற்காகவே வண்டி எண் தெரிந்தவுடன் பெரிய வாயிலிலும் முன்பதிவு செய்துவிடுகிறேன். வாயிலின் உள்முற்றத்தில் ஐந்து நிமிடம் நிற்கக் காவலர் அனுமதிப்பார்.

செய்தி எப்போது போக வேண்டும் என்பதும் அதன் பொருளின் பகுதியே. பதிவு உறுதியானவுடன் அனுப்ப வேண்டும். அப்போது ஓட்டுநர் பெரும்பாலும் எங்கேனும் நின்றிருப்பார், அல்லது முந்தைய பயணியை இறக்கிக்கொண்டிருப்பார். வண்டி நகரத் தொடங்கியபின் அனுப்பும் நான்கு வரிகளை அவர் படிப்பது ஆபத்து. ஓட்டும்போது கைபேசியைக் கையில் ஏந்திப் பேசுவதும் எழுதுவதும் 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி ஆபத்தான ஓட்டுதல் என்ற குற்றத்தில் சேரும். நாம் தாமதமாக எழுதிவிட்டு அவர் படிக்கவில்லை என்று குறைகூறுவது, அவரைச் சட்டத்தை மீறச் சொல்வதே ஆகும்.

இம்முறைக்கும் எல்லை உண்டு. சாலையைத் தோண்டினால், யூ டர்னை மூடினால், பங்க்கை இடித்தால், செய்தி பொய்யாகிவிடும். மழைநாளில் மேற்குச் சந்தில் முழங்கால் ஆழம் தண்ணீர் நிற்கும். அன்று செய்தியை அனுப்பாமல் பெரிய வாயிலுக்கே செல்கிறோம். வாசிக்கப் பழகாத ஓட்டுநர்களும் உண்டு. அவர்களிடம் இதே வரிசையில் வாயால் சொன்னால் போதும். வரிசைதான் முக்கியம்: போக்கு, முன்னடையாளம், தூரம், தவறினால் தெரிவது.

ஆனால் இச்சுமை முழுவதையும் தனிமனிதர்களின் செய்தித்திறன்மேல் ஏற்றுவது சரியன்று. பல ஏக்கர் நிலத்தை மதிலால் வளைத்து, நான்கு கதவு வைத்து, அவற்றுக்கு எண்ணிட்டு, அந்த எண்ணை உட்புறமாக மாட்டியவர்கள் நாங்கள். மதில் கட்டியவுடன் முகவரி இரண்டாகப் பிளக்கிறது: உள்ளிருப்பவர் அறிந்தது ஒன்று, வெளியிலிருப்பவர் காண்பது ஒன்று. வாடகை வண்டி ஓட்டுநர், மருந்து கொண்டுவருபவர், ஆம்புலன்ஸ் ஓட்டுநர் எல்லோரும் வெளியிலிருப்பவர்களே. ஆம்புலன்ஸ் தவறான கதவில் நின்றால் கழிவது சுத்திகரிப்பின் அரைமணி நேரமாக இராது. எங்கள் சங்கத்திற்கு நான் எழுதிய கோரிக்கை இரண்டே வரி: ஒவ்வொரு கேட்டின் எண்ணையும் சாலையில் வருபவர் ஐம்பது மீட்டருக்கு முன்பே காணும்படி வெளிப்புறம் பெரிய இலக்கத்தில் எழுதுக, நான்கு கேட்டுகளையும் பொது வரைபடத்தில் தனித்தனியே குறித்து, பூட்டிய கதவைப் பூட்டியது என்றே குறிக்க. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் போன்ற திறந்த வரைபடத்தில் இதை யாரும் செய்யலாம். கதவுக்கு `barrier=gate`, எண்ணுக்கு `ref=3`, பூட்டியதற்கு `locked=yes`. எங்களுடைய நான்கையும் நானே ஒரு மாலையில் குறித்தேன். எனினும் வாடகைச் செயலிகள் பலவும் தத்தம் வரைபடங்களையே பயன்படுத்துவதால், அவற்றிலும் தனியே திருத்தம் கோர வேண்டியிருக்கிறது.

பலகையைப் பற்றிச் சங்கக் கூட்டத்தில் ஒரு பெரியவர் கேட்டார்: “எங்கள் எல்லாருக்கும் கேட் தெரியுமே, யாருக்காகப் பலகை?” அவர் உள்நோக்கத்தோடு கேட்கவில்லை. ஆறாம் சுற்றில் இருப்பவருக்கு முதல் சுற்று நினைவிருப்பதில்லை. நான் விவாதிக்காமல், அவரையே அடுத்த நாள் காலை மதிலுக்கு வெளியே அழைத்துச் சென்று, பங்க்கிலிருந்து நடந்து மூன்றாம் கேட்டைக் கண்டுபிடிக்கச் சொன்னேன். இருபது ஆண்டாக இங்கேயே குடியிருப்பவர். இரண்டாம் கேட்டில் நின்று, “இதுதானே மூன்று?” என்றார்.

பலகை இப்போது வெளிப்புறம் மாட்டப்பட்டிருக்கிறது. சென்ற வாரம் மூன்று நாளும் எந்த ஓட்டுநரும் அழைக்கவில்லை. நேரே வந்து நின்றார்கள். செய்தியின் முதல் வரியில் மட்டும் ஒரு திருத்தம் செய்துகொண்டேன். ‘பச்சை கேட், எண் 3’ என்று இப்போது எழுதுகிறேன்.